வேலைக்குப் போகாதவரின் சம்பளம் எங்கே? தேர்வுச் சாய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் சனிக்கிழமை மாலைகளில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களில், படிப்பு பெண்களின் சம்பளத்தை எவ்வளவு கூட்டுகிறது என்பதையே புராஜெக்டாக எடுத்துக்கொண்டு அடிக்கடி யாராவது வருவார்கள். வருகிற எல்லோரும் ஒரே கல்லில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைத்தேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

டீச்சர், வேலைக்குப் போறவங்க சம்பளத்தைத்தானே கேட்க முடியும்? அதுல என்ன தப்பு?

கேட்பதில் தப்பே இல்லை. வேலைக்குப் போகும் பெண்களின் சராசரிச் சம்பளம் என்ன என்பது கேள்வியானால், அவர்களைக் கேட்டால் போதும். நம் நாட்டுப் புள்ளிவிவரத் துறையின் சம்பள அறிக்கையும் சம்பளத்துக்கு வேலை செய்பவர்களைப் பற்றியதுதான்.

உங்கள் கேள்வி வேறு. மூன்றாம் படிவத்தோடு நின்ற ஒரு பெண் எஸ்.பி.எம். வரை படித்திருந்தால் அவருக்குக் கிடைக்கும் சம்பளம் எவ்வளவு கூடியிருக்கும் என்று கேட்கிறீர்கள். இது தாமானில் இருக்கும் எல்லாப் பெண்களையும் பற்றிய கேள்வி. பதிலோ, காலையில் தொழிற்சாலை பஸ் ஏறியவர்களிடம் மட்டும் வாங்கியது. பஸ் ஏறினவர்கள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லை. கிடைக்கும் சம்பளத்தைப் பார்த்து, கட்டுப்படியாகும் என்று கணக்குப் போட்டுத்தான் ஏறினார்கள். நாம் அளக்க நினைப்பது சம்பளம். யார் நம் பட்டியலில் வருகிறார் என்பதை முடிவு செய்வதும் அதே சம்பளம். இதனால் விடை ஒரு பக்கமாகச் சாய்வதைத்தான் மாதிரித் தேர்வுச் சாய்வு என்கிறோம்.

வீட்ல இருக்கிறவங்களுக்குச் சம்பளமே இல்லையே. இல்லாத ஒண்ணைப் பத்தி எப்படிப் பேசறது?

ஒவ்வொருவருக்கும் இரண்டு தொகைகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, இன்றைக்கு வேலை தேடிப் போனால் அவருக்குக் கிடைக்கக்கூடிய சம்பளம். இன்னொன்று, இதற்குக் கீழே என்றால் போவதில் பிரயோசனமில்லை என்று அவர் நினைக்கும் தொகை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும் செலவு, மோட்டாருக்கு எண்ணெய், மாமியாரின் உடல்நிலை எல்லாம் இதற்குள் வந்துவிடும். பொருளாதாரத்தில் இதை ரிசர்வேஷன் வேஜ் என்பார்கள். வீட்டு வாசலைத் தாண்ட வைக்கும் தொகை என்பதால் நான் வாசல் தொகை என்கிறேன்.

கிடைக்கக்கூடியது வாசல் தொகையை எட்டினால் போகிறார், எட்டாவிட்டால் வீட்டில் இருக்கிறார். வீட்டில் இருப்பவருக்கும் முதல் தொகை இருக்கத்தான் செய்கிறது, யாரும் அதைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். முன்பு தோட்டத்தில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ஆணும் பெண்ணும் பால் வெட்டப் போனார்கள். தாமானுக்கு வந்த பிறகு கொட்டகை இல்லை, வாசல் தொகை ஏறிவிட்டது. இப்போது பஸ் ஏறுபவர் ஒரு பகுதியினர்தான்.

வார்த்தையா சொன்னா புரியல, நம்பர் வச்சுக் காட்டுங்க.

கற்பனையாக ஒரு தெரு. பத்துப் பெண்கள். ஐந்து பேர் மூன்றாம் படிவம் வரை படித்தவர்கள். அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய மாதச் சம்பளம் 1,700, 1,800, 1,900, 2,000, 2,100 வெள்ளி. சராசரி 1,900. மற்ற ஐந்து பேர் எஸ்.பி.எம். முடித்தவர்கள். அவர்களுக்கு 2,000, 2,100, 2,200, 2,300, 2,400. சராசரி 2,200. ஆக, படிப்பால் வரும் உண்மையான வித்தியாசம் 300 வெள்ளி. இது கடவுளுக்கும் கணக்கு போட்ட எனக்கும் மட்டும் தெரியும்.

இப்போது பத்துப் பேருக்கும் வாசல் தொகை 1,950 என்று வைப்போம். எஸ்.பி.எம். முடித்த ஐந்து பேரும் வேலைக்குப் போகிறார்கள். மூன்றாம் படிவக்காரர்களில் 2,000, 2,100 கிடைக்கும் இருவர் மட்டும் போகிறார்கள். நீங்கள் நோட்டும் பேனாவுமாகப் போய்க் கேட்டால் ஒரு பக்கம் சராசரி 2,200, இன்னொரு பக்கம் 2,050. வித்தியாசம் 150 வெள்ளி. உண்மையில் பாதி.

படிப்பின் பலன் ஏன் குறைந்து தெரிகிறது? குறைவாகப் படித்தவர்களில் யார் பட்டியலுக்குள் வந்தார்கள் என்று பாருங்கள். அந்த இருவருக்கும் படிப்பைத் தவிர வேறு ஏதோ இருக்கிறது. ஒருவர் மாண்டரின் பேசுவார், இன்னொருவர் தையல் மெஷினில் கெட்டிக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம். அவர்களைத்தான் எஸ்.பி.எம். படித்த எல்லோரோடும், சுமாரானவர் உட்பட, ஒப்பிடுகிறோம்.

அப்ப வீட்ல இருக்கிறவங்களுக்கு சைபர் போட்டுட்டா சரியாயிடும்ல?

அதே தெருவில் போட்டுப் பாருங்கள். மூன்றாம் படிவக்காரர்கள் 0, 0, 0, 2,000, 2,100. சராசரி 820. எஸ்.பி.எம். 2,200. வித்தியாசம் 1,380! 150 தப்பு என்றால் இது அதைவிடப் பெரிய தப்பு.

வருமானம் சைபர் என்பது உண்மைதான், ஆனால் கிடைக்கக்கூடிய சம்பளம் சைபர் இல்லை. 1,900 கிடைக்கக்கூடிய ஒரு பெண் போகவில்லை என்பதால் சந்தையில் அவர் மதிப்பு ஒன்றுமில்லை என்றாகிவிடாது. ஒரு அக்காவிடம் இதைச் சொன்னபோது, "அதை என் வீட்டுக்காரர்கிட்டயும் கொஞ்சம் சொல்லுங்க டீச்சர்" என்றார்.

நூறு பேருக்குப் பதிலா ஆயிரம் பேரைக் கேட்டா?

மேலே சொன்ன தெருவை நூறு தடவை அப்படியே நகல் எடுங்கள். ஆயிரம் பெண்கள், அதே 150. பெரிய மாதிரி எடுத்தால் தப்பான விடை இன்னும் துல்லியமாக வரும்.

நான் வயசு, அனுபவம், குழந்தை எல்லாத்தையும் ரிக்ரெஷன்ல போட்டுட்டேனே, அப்புறமும் ஏன் சாய்வு?

நோட்டில் எழுதியவற்றால் மட்டும் தேர்வு நடந்திருந்தால் உங்கள் வழி போதும். தொல்லை நோட்டில் வராதவற்றில் இருக்கிறது. மாண்டரின், சுறுசுறுப்பு, மேற்பார்வையாளரோடு பேசும் லாவகம் இவையெல்லாம் சம்பளத்தையும் கூட்டும், அதனாலேயே ஆளை பஸ்ஸிலும் ஏற்றும். சம்பளச் சமன்பாட்டின் பிழைக்குள் இவை ஒளிந்திருக்கின்றன.

ஊர் முழுவதையும் எடுத்தால் இந்தப் பிழையின் சராசரி சைபர். பஸ் ஏறியவர்களை மட்டும் எடுத்தால் சைபர் இல்லை. அதோடு, எஸ்.பி.எம். பக்கம் அது சிறிதாகவும் மூன்றாம் படிவத்தின் பக்கம் பெரிதாகவும் இருக்கிறது. நம் தெருவில் எஸ்.பி.எம். பக்கம் 0, மூன்றாம் படிவப் பக்கம் 150 வெள்ளி (2,050 கழித்தல் 1,900). படிப்பு கூடக்கூடப் பிழை குறைகிறது என்பதால் படிப்பின் கெழு கீழே இழுக்கப்படுகிறது. பட்டியலில் இருப்பவர்களுக்குள் எத்தனை மாறிகளைச் சேர்த்தாலும், வெளியே நின்றவர்களைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லையே.

ஹெக்மன் முறைன்னு எல்லாரும் சொல்றாங்க. அவர் அப்படி என்னதான் செஞ்சார்?

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மன் 1979-இல் எகனாமெட்ரிகா இதழில் எழுதிய கட்டுரையில் இதை வேறு கண்ணால் பார்த்தார். சமன்பாட்டில் சேர்க்க வேண்டிய ஒரு மாறி விடுபட்டுப்போனால் சாய்வு வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தேர்வுச் சாய்வும் அதே வகைதான் என்றார் அவர். விடுபட்ட அந்த மாறியை நாமே கணக்கிட்டு உள்ளே போட்டுவிடலாம். 2000-ஆம் ஆண்டு அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு இந்த வகை ஆய்வுகளே காரணம்.

முதல் படியில் வேலைக்குப் போகிறவர், போகாதவர் எல்லோரையும் வைத்து, போவாரா மாட்டாரா என்பதைக் கணிக்கும் புரோபிட் என்ற ரிக்ரெஷனை ஓட்டுவீர்கள். ஆக, வீட்டில் இருப்பவர்களிடமும் வயது, படிப்பு, குழந்தை விவரம் கேட்டிருக்க வேண்டும். இதை மறந்துவிட்டு வந்தால் மறுபடி தெருத்தெருவாக நடக்க வேண்டியதுதான். புரோபிட்டிலிருந்து ஒவ்வொருவரும் வேலைக்குப் போகும் வாய்ப்பு வரும். அந்த வாய்ப்பிலிருந்து லாம்டா என்ற எண் வரும். வாய்ப்பு 90 சதவீதம் என்றால் லாம்டா சுமார் 0.2, 40 சதவீதம் என்றால் சுமார் 0.97, 20 சதவீதம் என்றால் 1.4. இரண்டாம் படியில், வேலைக்குப் போகிறவர்களின் சம்பள ரிக்ரெஷனில் இந்த லாம்டாவை இன்னொரு மாறியாகச் சேர்ப்பீர்கள்.

லாம்டா என்ன சொல்கிறது? வெயில் நாளில் டியூஷனுக்கு வந்த பிள்ளையைப் பார்த்து நான் எதையும் முடிவுகட்ட மாட்டேன். கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டு வந்து நிற்கிற பிள்ளைக்கு ஏதோ தனி ஆர்வம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். வருவதற்கு வாய்ப்பு குறைவு, ஆனாலும் வந்திருக்கிறார் என்றால் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவரிடம் அதிகம். அந்த அதிகத்தின் அளவுதான் லாம்டா. மேலே சொன்ன எண்கள் பிழைகள் மணி வடிவப் பரவலில் இருக்கும் என்ற அனுமானத்தில் வருபவை. என் கற்பனைத் தெருவில் சம்பளங்கள் சம இடைவெளியில் நிற்பதால் அங்கே இவை அப்படியே பொருந்தா.

குழந்தையை முதல் படியில மட்டும் போடணும், ரெண்டாவதுல போடக்கூடாதுன்னு ஏன் சொல்றீங்க?

பக்கத்தில் இன்னும் இரண்டு தெருக்களைக் கட்டுவோம். பெண்களின் சம்பள வரிசை அதே பத்துதான். பாட்டித் தெருவில் எல்லா வீட்டிலும் பாட்டி பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார், அதனால் வாசல் தொகை 1,600. கைக்குழந்தைத் தெருவில் வாசல் தொகை 2,250.

பாட்டித் தெருவில் பத்துப் பேரும் வேலைக்குப் போகிறார்கள். அங்கே கேட்டால் சராசரிகள் 1,900, 2,200. வித்தியாசம் 300, சாய்வே இல்லை. கைக்குழந்தைத் தெருவில் மூன்றாம் படிவக்காரர் ஒருவரும் போகவில்லை. எஸ்.பி.எம். முடித்தவர்களில் இருவர் மட்டும் போகிறார்கள், சராசரி 2,350. எஸ்.பி.எம். வரிசையை மட்டும் மூன்று தெருவிலும் பாருங்கள்: 2,200, 2,200, 2,350. திறமை மாறவில்லை, போகிறவர் விகிதம் மாறியதால் பார்க்கும் சராசரி மாறுகிறது. சம்பளத்தைத் தொடாமல் வாசல் தொகையை மட்டும் ஆட்டுகிற ஒன்று இருந்தால்தான் தேர்வின் வேலையைப் படிப்பின் வேலையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியும். குழந்தையை முதல் படியில் மட்டும் வைப்பது இதற்காகத்தான்.

அப்படி ஒன்று இல்லாமலும் மென்பொருள் விடை தரும், அதுதான் ஆபத்து. வாய்ப்பின் நடுப்பகுதியில் லாம்டாவின் கோடு ஏறக்குறைய நேர்கோடு. இரண்டு படியிலும் அதே மாறிகள் என்றால் லாம்டாவும் படிப்பும் ஒன்றன் நிழலாக இன்னொன்று ஆகிவிடும். லாம்டாவை மற்ற மாறிகளின் மேல் ரிக்ரெஷன் ஓட்டிப் பாருங்கள். அது ஒன்றை நெருங்கும் R² தந்தால், ஒரு மாறியை எடுத்தாலே கெழுக்கள் தலைகீழாகப் புரண்டால், உங்கள் விடை மணி வடிவ அனுமானத்தின் தயவில் மட்டும் நிற்கிறது.

குழந்தை இருக்கிறது சம்பளத்தைப் பாதிக்காதுன்னு அவ்வளவு நிச்சயமா சொல்லலாமா?

சொல்ல முடியாது. நல்ல கேள்வி, நிறையப் பேர் கேட்பதில்லை. பிள்ளைப்பேற்றுக்காக நாலு வருஷம் வீட்டில் இருந்தவருக்கு அனுபவம் குறைகிறது, அது சம்பளத்தில் அடிக்கும். வயதிலிருந்து ஊகித்த அனுபவத்தைப் போடாமல், உண்மையில் வேலை செய்த வருஷங்களைக் கேட்டுப் போட்டால் இது ஓரளவு அடங்கும். வீட்டில் பாட்டி இருக்கிறாரா என்பதையும் சிலர் வைப்பார்கள். மகளுக்கு நல்ல வேலை கிடைத்ததால்தான் பாட்டியைத் தோட்டத்திலிருந்து அழைத்துவந்தார்கள் என்றால் அதுவும் கெட்டது. எந்த மென்பொருளும் இதைச் சோதித்துச் சொல்லாது. அந்த வீடுகளைத் தெரிந்த நீங்கள்தான் வாதாட வேண்டும்.

சாய்வு எப்பவும் கெட்டிக்காரங்க வேலைக்குப் போறதாலதான் வருமா?

இல்லை, எதிர்ப்பக்கமும் சாயும். நல்ல சம்பளம் கிடைக்கக்கூடிய பெண்ணுக்கு நல்ல சம்பளக்காரக் கணவர் அமைந்தால் அவருடைய வாசல் தொகையும் ஏறுகிறது. அது சம்பளத்தைவிட வேகமாக ஏறினால் கெட்டிக்காரர் வீட்டிலும், வேறு வழியில்லாதவர் வேலையிலும் இருப்பார். அப்போது லாம்டாவின் கெழு எதிர்மறையாக வரும். அமெரிக்கப் பெண்கள் விஷயத்தில் 1970-களில் எதிர்மறையாக இருந்த தேர்வு 1990-களில் நேர்மறையாக மாறியது என்று மல்லிகன், ரூபின்ஸ்டைன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2008-இல் காட்டினார்கள். ஆண், பெண் சம்பள இடைவெளி சுருங்கியதுபோல் தெரிந்ததில் பெரும்பகுதி, வேலைக்கு வரும் பெண்கள் யார் என்பது மாறியதால் வந்தது என்பது அவர்கள் வாதம்.

கணினியில எப்படி ஓட்டறது? எனக்கு லாம்டா முக்கியமில்லாததா வந்துச்சு, அப்ப சாய்வு இல்லைன்னு எழுதிடலாமா?

R-இல் `sampleSelection` தொகுப்பு இருக்கிறது. அதோடு வரும் `Mroz87` தரவில் பழகுங்கள். 1975-ஆம் ஆண்டின் 753 அமெரிக்கத் திருமணமான பெண்கள், அவர்களில் சம்பளம் தெரிந்தவர்கள் 428 பேர்.

```r
library(sampleSelection)
data(Mroz87)
m <- heckit(lfp ~ nwifeinc + educ + exper + I(exper^2) +
              age + kids5 + kids618,
            log(wage) ~ educ + exper + I(exper^2),
            data = Mroz87)
summary(m)
```

சாதாரண ரிக்ரெஷனில் ஒரு வருஷப் படிப்பின் கெழு 0.108, இதில் 0.109. லாம்டாவின் கெழு 0.032, அதன் திட்டப்பிழை 0.134. இந்தப் பெண்களிடம், இந்த மாறிகளோடு, சாய்வுக்குச் சான்று கிடைக்கவில்லை என்று எழுதலாம். சாய்வு இல்லை என்று எழுத முடியாது. திட்டப்பிழை அவ்வளவு பெரிதாக இருக்கும்போது சைபரையும் மறுக்க முடியாது, 0.25-ஐயும் மறுக்க முடியாது. முந்தைய கேள்விகளில் சொன்னபடி முதல் படியில் மட்டும் வைத்த தனி மாறி பலவீனமானால் லாம்டா பெரும்பாலும் முக்கியமற்றதாகத்தான் வரும். இன்னொன்று, இரண்டு படிகளையும் கையால் தனித்தனியே ஓட்டாதீர்கள். லாம்டாவே ஒரு மதிப்பீடு என்பது இரண்டாம் படிக்குத் தெரியாது, திட்டப்பிழைகள் தப்பாக வரும். `heckit` அதைத் திருத்தித் தருகிறது.

மினிமம் சம்பளம் 1,700 ஆயிடுச்சே, அது இதுல குழப்பம் பண்ணுமா?

பண்ணும். 2025 பிப்ரவரியில் வந்த அந்தக் கோட்டின் மேல் நிறையப் பேர் ஒரே இடத்தில் குவிந்து நிற்பார்கள். மணி வடிவ அனுமானம் அங்கே உடைகிறது. நம் தாமான்களில் சம்பளங்கள் அந்தக் கோட்டை ஒட்டியே இருப்பதால் இது அசட்டை செய்யக்கூடியதில்லை. சம்பளங்களின் பரவலை முதலில் வரைந்து பாருங்கள். 1,700-இல் ஒரு தூண் எழுந்து நின்றால் லாம்டாவை நம்புவதைக் குறைத்துக்கொண்டு அடுத்த பதிலுக்குப் போங்கள்.

இந்த மணி வடிவம், தனி மாறி எதையும் நம்பாம ஏதாவது சொல்ல முடியுமா?

முடியும். ஒரே எண்ணாகக் கிடைக்காது, எல்லையாகக் கிடைக்கும். முதல் தெருவுக்கே போவோம். எஸ்.பி.எம். பக்கம் எல்லோரையும் பார்த்துவிட்டோம், 2,200. மூன்றாம் படிவத்தில் இருவர் தெரியும், மொத்தம் 4,100. மூவர் தெரியாது. அவர்களுக்கு 1,700-க்குக் கீழே சட்டப்படி கொடுக்க முடியாது. மேலே 2,100-ஐத் தாண்டாது என்று வைப்போம், இது ஊர் நிலவரம் தெரிந்து நாம் வைக்கும் கோடு. மூவருக்கும் 1,700 என்றால் குழுவின் சராசரி 1,840, வித்தியாசம் 360. மூவருக்கும் 2,100 என்றால் சராசரி 2,080, வித்தியாசம் 120. ஆக, உண்மை 120-க்கும் 360-க்கும் நடுவில். சார்ல்ஸ் மான்ஸ்கி பிரபலப்படுத்திய வழி இது.

ஒரே ஒரு அனுமானத்தை மட்டும் சேர்க்கலாம்: வீட்டில் இருப்பவர்களின் சராசரி, வேலைக்குப் போகிறவர்களின் சராசரியைத் தாண்டாது. அப்போது மூன்றாம் படிவக் குழுவின் சராசரி 2,050-க்கு மேல் போகாது, எல்லை 150 முதல் 360 ஆகிறது. முதலில் நோட்டோடு போய் எடுத்துவந்த அதே 150, இப்போது கீழ் எல்லையாக வந்து நிற்கிறது. புராஜெக்டில் "படிப்பின் பலன் 150 வெள்ளி" என்று எழுதிய வரியை "குறைந்தது 150 வெள்ளி, அதிகபட்சம் 360" என்று மாற்றி, அந்த அனுமானத்தையும் பக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள். அனுமானத்தை நம்பாதவருக்கு 120 முதல் 360 என்ற அகலமான எல்லையும் அடுத்த வரியில் இருக்கட்டும்.